பிரீமியம் திரும்ப வரும் டேர்ம் பாலிசியா, சாதாரண டேர்மா: வித்தியாசத் தொகையை வைத்து முடிவு செய்வது எப்படி

போன மாதம் என் மனைவியின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தான். வயது 30. குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று அவனுக்கே தோன்றியிருக்கிறது. கையில் ஒரே கம்பெனியின் இரண்டு விலைத்தாள்கள். இரண்டிலும் ஒரு கோடி ரூபாய் காப்பு, 60 வயது வரை, அதாவது 30 வருடம். சாதாரண டேர்முக்கு வருடப் பிரீமியம் 11,000 ரூபாய். 'பிரீமியம் திரும்பும்' வகைக்கு 23,000 ரூபாய்.

"மச்சான், இதுல கட்டுன காசு முழுசும் திரும்பி வந்துருதுங்க. அதுல உசுரோட இருந்தா ஒண்ணுமே வராதுங்களே. அப்புறம் எதுக்குங்க அது?" என்றான்.

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. முகவரும் இதைத்தான் முதலில் சொல்வார்: 60 வயதில் 6,90,000 ரூபாய் கைக்கு வரும், இன்ஷூரன்ஸ் உங்களுக்கு இலவசம் என்று. எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள், 30 வருடம் கட்டிய பணத்துக்கு ஒரு பைசா வட்டி இல்லை, இது பூஜ்ய வருமானம் என்பார்கள். இரண்டு பேச்சுமே கணக்குக்கு ஒத்து வராது. 30 வருடம் ஒரு கோடிக்குக் காப்பு கொடுக்க கம்பெனிக்கு ஆகும் செலவு பிரீமியத்துக்குள்தான் இருக்கிறது. அதனால் அது இலவசம் இல்லை. அந்தக் காப்பு உங்களுக்குக் கிடைத்தும் இருக்கிறது. அதனால் வருமானம் பூஜ்யமும் இல்லை. சரியான கணக்கு நடுவில் இருக்கிறது. அதைப் போட ஒரு மொபைலும் பத்து நிமிடமும் போதும். அன்று அவனுக்குப் போட்டுக் காட்டிய அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காப்புத் தொகை, பிறகுதான் திட்டம்

எந்த வகை என்று பார்ப்பதற்கு முன் எவ்வளவு காப்பு, எத்தனை வயது வரை என்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். குடும்பத்தின் வருடச் செலவு, பாக்கி இருக்கும் வீட்டுக்கடன், குழந்தையின் படிப்பு, இவற்றை வைத்து ஒரு தொகை வரும். அவனுக்கு ஒரு கோடி வந்தது. அது எழுதின எழுத்தாகவே இருக்க வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பணம் திரும்பும் பாலிசியால் வரும் பெரிய கேடு வட்டி நஷ்டம் அல்ல. வருடம் 12,000 ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்ற நிலையில் உள்ள ஒருவர் அந்த வகையைத் தேர்ந்தெடுத்தால், மேலே சொன்ன விலைக்கு அவருக்கு ஏறக்குறைய 50 லட்சம் காப்புதான் கிடைக்கும். அதே பணத்தில் சாதாரண டேர்ம் எடுத்தால் ஒரு கோடிக்கு எடுத்து, மீதியும் இருக்கும். அசம்பாவிதம் நடந்தால் மனைவியின் கையில் 50 லட்சம் குறைகிறது. எதற்காக? 60 வயதில் மூன்றரை லட்சம் திரும்பி வரும் என்பதற்காக. விற்பவரும் வாங்குபவரும் இதைக் கவனிக்கத் தவறுவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

ஒரே அளவுகோலில் இரண்டு விலை

இரண்டு விலையும் ஒரே கம்பெனியில், ஒரே நாளில், ஒரே விவரங்களுக்கு எடுக்க வேண்டும். பிறந்த தேதி, புகைப்பழக்கம் உண்டா இல்லையா, காப்புத் தொகை, எத்தனை வருடம், வருடம் ஒருமுறை கட்டுவதா மாதாமாதமா, எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும். விபத்து, தீவிர நோய் போன்றவற்றுக்கான ரைடர்கள் என்ற கூடுதல் காப்புகள் ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். ரைடருக்குக் கட்டும் பணம் பொதுவாகத் திரும்பி வராது. அது கலந்திருந்தால் கணக்கு கெட்டுவிடும்.

இன்னொரு இடத்தில் கண் வழுக்கும். இணையத்தில் பெரிய எழுத்தில் தெரியும் விலை, முதல் வருடத் தள்ளுபடியைக் கழித்த பிறகான விலையாக இருக்கலாம். இரண்டாம் வருடத்திலிருந்து எவ்வளவு என்பது கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்த இரண்டாம் வருட விலை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அதனால் வரி பற்றிய குழப்பம் இப்போது இல்லை. அதற்கு முந்தைய பழைய கட்டுரைகளில் இருக்கும் பிரீமியத்தில் 18 சதவீத வரி சேர்ந்திருக்கலாம், அவற்றோடு உங்கள் விலையை ஒப்பிட வேண்டாம்.

முதிர்வில் என்ன வரும் என்பதை வாய்ச்சொல்லில் நம்பாதீர்கள். விலைத்தாளோடு வருடவாரியாகப் பலன்களைக் காட்டும் ஒரு அட்டவணை தருவார்கள். அதன் கடைசி வரியில் முதிர்வுத் தொகை இருக்கும். இவனுக்கு அது 6,90,000. 23,000-ஐ 30-ஆல் பெருக்கினால் அதே தொகை வருகிறது. உங்கள் தாளில் பெருக்கல் தொகையைவிட அட்டவணைத் தொகை குறைவாக இருந்தால், திரும்பி வராத ஏதோ ஒன்று பிரீமியத்தில் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எது என்று கேளுங்கள்.

வித்தியாசம்தான் முதலீடு

இப்போது முக்கியமான இடம். இரண்டு பாலிசியிலும் காப்பு ஒன்றுதான், ஒரு கோடி. அந்தக் காப்பின் விலை 11,000. பணம் திரும்பும் வகையில் கூடுதலாகக் கட்டும் 12,000 ரூபாய்தான் 'பணம் திரும்ப வேண்டும்' என்பதற்காகக் கொடுக்கும் காசு. அதாவது வருடம் 12,000 வீதம் 30 வருடம் போட்டு, கடைசியில் 6,90,000 எடுக்கிறீர்கள். முழு 23,000-ஐயும் முதலீடு என்று எடுத்துக்கொண்டால் காப்பின் விலையும் அதில் சேர்ந்துவிடும். பூஜ்ய வருமானம் என்று சொல்பவர்கள் தவறுவது அங்கேதான்.

இது என்ன வட்டி என்று பார்க்க எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(30,-12000,0,690000,1)
```

முதல் எண் வருடங்கள். இரண்டாவது ஒவ்வொரு வருடமும் கையிலிருந்து போகும் வித்தியாசம், வெளியே போவதால் கழித்தல் குறி. மூன்றாவது பூஜ்யம், ஆரம்பத்தில் மொத்தமாக எதுவும் போடவில்லை என்பதற்கு. நான்காவது கடைசியில் வருவது. கடைசியில் இருக்கும் 1, பணத்தை வருடத் தொடக்கத்திலேயே கட்டுகிறோம் என்பதற்கு. பிரீமியம் முன்கூட்டிக் கட்டுவதுதானே. அதை விட்டுவிட்டால் விடை கொஞ்சம் கூடுதலாகக் காட்டும்.

விடை ஏறக்குறைய 3.9 சதவீதம். கட்டம் 4% என்று முழு எண்ணாகக் காட்டினால் தசம இடத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இது 3.9 வட்டிக்கு முப்பது வருசம் போட்டு வெக்கிற மாதிரிங்களா?" என்றான். அதேதான். உங்கள் விலைக்கு வேறு எண் வரும். வயது, காலம், கம்பெனி இவற்றைப் பொறுத்து ஏறும், இறங்கும். என் எண்ணை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

அந்த 12,000-ஐ நாமே போட்டால்

ஒப்பிடும்போது நியாயமாக ஒப்பிட வேண்டும். பணம் திரும்பும் பாலிசியில் வருவது உறுதியான தொகை. வழக்கமான சூழலில் அதற்கு வருமான வரியும் இல்லை. அதனால் அதைப் பங்குச் சந்தையோடு முதலில் நிறுத்தக் கூடாது. உறுதியும் வரிவிலக்கும் உள்ள இன்னொன்றோடு நிறுத்த வேண்டும். அதற்கு பி.பி.எஃப். என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்புத் திட்டம் பொருத்தமானது. தபால் நிலையத்திலோ வங்கியிலோ தொடங்கலாம். வருடம் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம் போடலாம். முதிர்வு 15 வருடம். அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாக நீட்டிக்கலாம். 30 வருடத்துக்கு மூன்று நீட்டிப்பு. வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கிறது. 2020 ஏப்ரல் முதல் 7.1 சதவீதமாகவே இருந்துவருகிறது.

```
=FV(0.071,30,-12000,0,1)
```

விடை சுமார் 12,36,000 ரூபாய். பணம் திரும்பும் பாலிசி கொடுக்கும் 6,90,000-க்கு எதிரே இது. வட்டி 7.1-லேயே 30 வருடம் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. 6 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது என்று வைத்துப் பார்த்தேன். அப்போதும் ஏறக்குறைய 10 லட்சம் வருகிறது. பாலிசிக்குச் சமமாக வேண்டுமானால் 30 வருடத்துக்கும் சராசரி 3.9-க்கு இறங்க வேண்டும். அந்த RATE விடை ஒரு கோடு மாதிரி. உங்கள் முதலீடு அந்தக் கோட்டுக்கு மேல் இருந்தால் சாதாரண டேர்ம் ஜெயிக்கும், கீழே போனால் பணம் திரும்பும் வகை ஜெயிக்கும்.

பழைய வரி முறையில் இருப்பவர்கள் வரிச்சலுகை பற்றிக் கேட்பார்கள். பிரீமியம், பி.பி.எஃப். இரண்டுமே ஒன்றரை லட்சம் வரம்புக்குள் வருவதால், கூடுதல் 12,000 எந்தப் பக்கம் போனாலும் சலுகை ஒன்றுதான். புதிய வரி முறையில் இரண்டுக்கும் இல்லை. ஆக அது இந்த முடிவை மாற்றாது.

வங்கி வைப்புத்தொகையோடு ஒப்பிடுபவர்கள் வரியைக் கழிக்க மறக்கக் கூடாது. 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 6.5 சதவீத எஃப்.டி. வரி போக நாலரைதான் தேறும். 3.9-க்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. 'வித்தியாசத்தை எஃப்.டி.யில் போடுகிறேன்' என்று சொல்லும் அதிக வருமானக்காரருக்கு இந்த வாதத்தில் பெரிய லாபம் கிடையாது.

பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் 1,000 ரூபாய் எஸ்.ஐ.பி. போடலாமா என்றால், போடலாம். வருடம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 30 வருடத்தில் 20 லட்சம் தாண்டும். மொத்தமாக ஒரே வருடத்தில் எடுத்தால் இன்றைய விதிப்படி 1.25 லட்சத்துக்கு மேல் உள்ள லாபத்துக்கு 12.5 சதவீத வரி, கிட்டத்தட்ட இரண்டு லட்சத்துச் சொச்சம் போகும். ஆனால் 10 சதவீதம் என்பது நாம் வைத்துக்கொண்ட எண், யாரும் கொடுத்த வாக்கு அல்ல. சந்தை 30, 40 சதவீதம் விழும் வருடங்கள் நடுவில் வரும். முதன்முதலாக முதலீட்டுக்கு வருபவர் பி.பி.எஃப். கணக்கை வைத்து முடிவு செய்துவிட்டு, பிறகு விருப்பப்பட்டால் பாதியை ஃபண்டுக்கு மாற்றுவதே என் யோசனை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என்.ஆர்.ஐ.க்கள் புதிதாக பி.பி.எஃப். தொடங்க முடியாது. வளைகுடாவில் இருப்பவர்கள் அந்த இடத்தில் வேறு முதலீட்டின் வட்டியைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

"என்னால ஒழுங்கா போட முடியாதுங்க"

பணம் திரும்பும் பாலிசிக்கு ஆதரவாக இருக்கும் வாதங்களில் நான் மதிக்கும் வாதம் இது. கையில் 12,000 மிஞ்சினால் அது செலவாகிவிடும், பிரீமியமாக இருந்தால் கட்டியே தீருவேன் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். அதனால் இதையும் கணக்காகவே போட்டுப் பார்த்தேன்.

முதல் 10 வருடம் மட்டும் 12,000 வீதம் பி.பி.எஃப்.-ல் போடுகிறீர்கள். அதற்குப் பிறகு ஒழுங்கு போய்விட்டது. கணக்கு செயலில் இருக்க 15-ஆவது வருடம் வரை வெறும் 500 ரூபாய் கட்டி, அப்புறம் புதிதாக எதுவும் போடாமல் நீட்டித்துக்கொண்டே போகிறீர்கள். அதே 7.1 சதவீதத்தில் 30-ஆவது வருடம் சுமார் 7 லட்சம் இருக்கும். அதாவது மூன்றில் ஒரு பங்குக் காலம் ஒழுங்காக இருந்தாலே போதும், 30 வருடமும் தவறாமல் கட்டிய பாலிசி கொடுப்பது வந்துவிடுகிறது. வேறு விதமாகச் சொன்னால், 30 வருடமும் போடுகிறீர்கள், ஆனால் 12,000-க்குப் பதில் 6,700 மட்டும். அப்போதும் 6,90,000 வந்துவிடும். மீதி 5,300 வீட்டுச் செலவுக்குப் போகட்டும்.

ஐந்து வருடம்கூடத் தொடர்ந்து போட மாட்டேன் என்று தன்னைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்தவர், முழுக் காப்பையும் குறைக்காமல் எடுக்கும் வசதியும் இருந்தால், பணம் திரும்பும் வகையை எடுக்கட்டும். அது தவறான முடிவு இல்லை. ஆனால் அப்படிப்பட்டவர் அந்த 23,000-ஐ 30 வருடமும் தவறாமல் கட்டுவாரா என்ற கேள்வி அடுத்து வருகிறது.

நடுவில் நின்றுபோனால், நடுவில் இறந்துபோனால்

விலைத்தாளில் தெரிவது 30-ஆவது வருடம் மட்டும்தான். வாழ்க்கை நடுவில் நடக்கிறது. அதனால் இரண்டு நிலைமைகளையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஒன்று, எட்டு வருடம் கட்டிய பிறகு வேலை போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்பும் பாலிசியில் 23,000 முழுதாகக் கட்ட வேண்டும். காப்புக்கு உள்ள 11,000-ஐ மட்டும் கட்டுகிறேன் என்று சொல்ல வழியில்லை. கட்டாவிட்டால் பொதுவாகப் பாலிசி 'பெய்டு-அப்' நிலைக்குப் போகும். காப்பு, கட்டிய தவணைகளின் விகிதத்துக்குச் சுருங்கும். 30-இல் 8 கட்டியிருந்தால் ஒரு கோடி ஏறக்குறைய 26 லட்சத்து 67 ஆயிரம் ஆகிவிடும். வேலையில்லாத, குழந்தை எட்டு வயதில் இருக்கும் நேரத்தில் இது நடக்கிறது. பாலிசியை நடுவிலேயே ஒப்படைத்து சர்ரண்டர் செய்தால் கட்டிய 1,84,000-ஐவிடக் குறைவாகவே கிடைக்கும், காப்பு முழுதாகப் போய்விடும்.

அதே நாளில் சாதாரண டேர்மும் பி.பி.எஃப்.பும் வைத்திருப்பவர் முதலீட்டை 500 ரூபாய்க்கு இறக்கிவிட்டு 11,000 மட்டும் கட்டினால் ஒரு கோடி அப்படியே நிற்கும். அதுவும் கையில் இல்லையென்றால், பி.பி.எஃப்.-இல் ஏழாவது நிதியாண்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுக்கலாம். எட்டு வருடம் போட்ட நிலையில் சுமார் 1,32,000 இருக்கும். ஒன்பதாவது வருடத்தில் எடுக்க அனுமதிக்கும் வரம்பு சுமார் 37,000 வரும். பிரீமியத்துக்கு வேண்டிய 11,000-ஐ அதிலிருந்தே எடுத்துக் கட்டிவிடலாம். சாதாரண டேர்மில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. தவணை தவறினால் வருடத் தவணைக்குப் பொதுவாக 30 நாள் அவகாசம், அதையும் தாண்டினால் பாலிசி காலாவதி. பெய்டு-அப் என்ற தாங்கல் அதில் கிடையாது.

இரண்டாவது நிலைமையை எழுதவே கை தயங்குகிறது, ஆனால் இன்ஷூரன்ஸ் எடுப்பதே அதற்காகத்தான். 12 வருடம் முடிந்த நிலையில் அவர் இறந்துவிடுகிறார். பணம் திரும்பும் பாலிசியில் மனைவிக்கு ஒரு கோடி வரும். அதுவரை கூடுதலாகக் கட்டிய 1,44,000 தனியாக வராது, பெரும்பாலான திட்டங்களில் அது காப்புத் தொகைக்குள்ளேயே அடங்கிப்போகும். பணம் திரும்புவது உயிரோடு கடைசிவரை இருந்தால் மட்டும்தான். சாதாரண டேர்ம் வைத்திருந்தால் ஒரு கோடியும் வரும், பி.பி.எஃப்.-இல் சேர்ந்த சுமார் 2,31,000-மும் நாமினிக்கு வரும். 'அதில் ஒன்றுமே வராது' என்று மாப்பிள்ளை சொன்ன பாலிசிதான் குடும்பத்துக்குக் கூடக் கொடுக்கிறது.

அந்த 6,90,000 அப்போது எவ்வளவு பெறும் என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால், 30 வருடம் கழித்து வரும் அந்தத் தொகைக்கு இன்றைய மதிப்பு ஏறக்குறைய 1,20,000 ரூபாய். ஒரு ஸ்கூட்டர் விலை.

ஏற்கெனவே பணம் திரும்பும் வகையில் இருப்பவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையிலேயே சர்ரண்டர் செய்யப் போக வேண்டாம். நடுவில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. போன பணம் போனதுதான். இன்றிலிருந்து மட்டும் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு எட்டு வருடம் கட்டியவர், இப்போது வயது 38. இன்று புதிதாக 22 வருடத்துக்கு ஒரு கோடி சாதாரண டேர்ம் எடுத்தால் 16,000 ரூபாய், இன்றைய சர்ரண்டர் மதிப்பு 80,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழையதிலேயே தொடர்ந்தால் அவர் வருடம் 7,000 கூடுதலாகக் கட்டுகிறார், கையில் வரக்கூடிய 80,000-ஐயும் விட்டுவைக்கிறார்.

```
=RATE(22,-7000,-80000,690000,1)
```

விடை சுமார் 6.7 சதவீதம். வாங்கும் நாளில் 3.9-ஆக இருந்தது இப்போது 6.7. பி.பி.எஃப்.-க்கும் அதற்கும் மயிரிழைதான் வித்தியாசம். அதற்காக மருத்துவப் பரிசோதனை எல்லாம் புதிதாகச் செய்துகொண்டு மாறுவது அலைச்சல். அவர் தொடர்வதே நல்லது. இரண்டு, மூன்று வருடம் மட்டும் கட்டியவருக்கு விடை குறைவாக வரலாம். அப்போது மாறுவதாக இருந்தால் புதிய பாலிசி கைக்கு வந்து, அமலுக்கு வந்த பிறகே பழையதை விட வேண்டும். இடையில் சர்க்கரை நோய் தெரிய வந்தால் புதியது கிடைக்காமலே போகலாம்.

எடுக்கும் நாளில்

மாப்பிள்ளை சாதாரண டேர்ம் என்று முடிவு செய்தான். விண்ணப்பத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதையும், தனக்கு இரண்டு வருடம் முன் செய்த சிறுநீரகக் கல் சிகிச்சையையும் எழுதினான். "இதெல்லாம் எழுதுனா ரேட்டு ஏத்திருவாங்களே மச்சான்" என்று தயங்கினான். ஏற்றட்டும். பாலிசி தொடங்கி மூன்று வருடத்துக்குள் மறைத்த விவரம் தெரிந்தால் கம்பெனி அதைக் காரணம் காட்டிப் பணம் தர மறுக்கலாம். இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆவது பிரிவு அந்தக் காலத்துக்குப் பிறகுதான் கேள்வி எழுப்ப முடியாதபடி காக்கிறது.

பரிசோதனைக்குப் பிறகு கம்பெனி பிரீமியத்தை ஏற்றினால், பழைய விடையை வைத்துக்கொண்டு இருக்காமல் RATE கணக்கை மறுபடி போட வேண்டும். உடல்நிலைக்காக ஏற்றும் கூடுதல் பிரீமியம் பணம் திரும்பும் வகையில் பொதுவாகத் திரும்பி வராது. அதனால் ஏற்றிய பிறகு அந்த வகையின் வட்டி இன்னும் கீழே இறங்கலாம். சில கம்பெனிகள் சாதாரண டேர்மிலேயே குறிப்பிட்ட வயதில் வெளியேறினால் கட்டியதைத் திருப்பித் தரும் வசதியை வைத்திருக்கின்றன. கூடுதல் விலை இல்லாமல் இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். விலை கூடுதல் என்றால் அந்த வித்தியாசத்தையும் இதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, வித்தியாசத் தொகை தானாகவே போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுவது. அவன் வருடம் ஒருமுறை, ஏப்ரல் 2-ஆம் தேதி 12,000 ரூபாய் சேமிப்புக் கணக்கிலிருந்து பி.பி.எஃப்.-க்குப் போகும்படி வைத்தான். ஏப்ரல் 5-க்குள் போனால்தான் அந்த வருடம் முழுவதற்கும் வட்டி சேரும். மாதம் 1,000 என்று வைப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் போகும்படி பார்த்துக்கொள்ளுங்கள். டேர்ம் பிரீமியத்துக்கு வேறு தேதி, வேறு ஏற்பாடு. இரண்டிலும் நாமினியாக மனைவியின் பெயர். பி.பி.எஃப். கணக்கு எண், பாலிசி எண், கம்பெனியின் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் உறையில் வைக்கச் சொன்னேன்.

பாலிசி கைக்கு வந்ததும் திறந்து படிக்க வேண்டும். 30 நாள் அவகாசம் உண்டு. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம், சிறு செலவுகளைக் கழித்துக்கொண்டு பணத்தைத் தருவார்கள். பிறந்த தேதி, நாமினி பெயரின் எழுத்து, காப்புத் தொகை, எந்த வருடம் வரை, புகைப்பழக்கம் பற்றிய பதில், விண்ணப்ப நகலில் நீங்கள் சொன்ன நோய் விவரங்கள் அப்படியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். அவனுடைய பாலிசியில் சிறுநீரகக் கல் விவரம் விடுபட்டிருந்தது. அன்றே மின்னஞ்சல் போட்டான், பத்து நாளில் திருத்திய நகல் வந்தது.